ஃபெரோசிமென்ட் சேனல் கூரையில் கசிவு: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரிக்கு வடக்கே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு தரைத்தள வீடு இது. செங்கல் சுவர், அதன் தலையில் பெல்ட் கான்கிரீட், அதற்கு மேல், கம்பி வலையில் சிமென்ட் சாந்து பூசி வார்த்த 12 ஃபெரோசிமென்ட் சேனல்கள். சுவருக்குச் சுவர் உள் இடைவெளி 3.6 மீட்டர். சேனல் ஒவ்வொன்றும் 3.9 மீட்டர் நீளம், 83 செ.மீ. அகலம். இரண்டு முனையும் சுவரில் 15 செ.மீ. உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பகுதிக்கு இப்படிக் கூரை புதிதல்ல. ஆரோவில்லின் அறிவியல் ஆய்வு மையம் இந்தச் சேனலைப் பல ஆண்டுகளாகச் செய்தும் கற்றுக்கொடுத்தும் வந்திருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அச்சு போடத் தெரிந்த மேஸ்திரிகள் சிலராவது கிடைப்பார்கள். பொருளும் பழையதுதான். கம்பி வலையில் சிமென்ட் சாந்து பூசி 1848-லேயே பிரான்சில் லாம்போ என்பவர் படகு செய்தார். தண்ணீரில் மிதக்கக் கண்டுபிடித்த பொருள் கூரையில் ஒழுகுகிறது என்றால், தப்பு பொருளில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வீட்டுக்காரருக்கு முதலில் தோன்றியது அதுதான்: "ஒரு அங்குல தடிமன்ல கூரை போட்டா ஒழுகாம என்ன செய்யும்?"

சேனலின் குறுக்குவெட்டு கவிழ்த்து வைத்த வில் மாதிரி இருக்கும். நடு முகடு விளிம்பைவிட 25 செ.மீ. உயரம். தகட்டின் தடிமன் எங்கும் 25 மி.மீ. இரண்டு அடி விளிம்பிலும் ஒவ்வொரு 8 எம்எம் முறுக்குக் கம்பி. தகட்டுக்குள் அரை அங்குலக் கண் உள்ள 22 கேஜ் கோழிவலை இரண்டு அடுக்கு. ஒரு சேனல் சுமார் 240 கிலோ வரும். பரப்புக்குப் பார்த்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 75 கிலோ. பத்து செ.மீ. தளக் கான்கிரீட் அதே பரப்பில் 250 கிலோ. இந்த முறையை வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான். சென்ட்ரிங் வேண்டாம், கம்பி குறைவு, பழைய அடித்தளத்தின் மேல் பாரம் குறைவு.

சேனல்களைப் பக்கம் பக்கமாக அடுக்கும்போது இரண்டு வில்லுக்கு நடுவே ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு பள்ளம் விழும். 12 சேனலுக்கு 11 பள்ளம். பள்ளத்தின் அடியில் ஒரு 10 எம்எம் கம்பி வைத்து, 10 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட் போட்டால் இரண்டு பக்கத்துச் சேனலும் ஒன்றாகி ஒரு உத்திரம் போல வேலை செய்யும். அதற்கு மேல் மிச்சப் பள்ளத்தை இலேசான எதையாவது கொண்டு நிரப்பி, வாட்டம் கொடுத்து, ஓடு பதிக்க வேண்டும். இந்த வீட்டில் நடந்ததெல்லாம் இந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான்.

வார்ப்பு: சித்திரை மாதம்

தளத்திலேயே செங்கல்லும் சாந்தும் கொண்டு நான்கு அச்சு கட்டினார்கள். ஒரு தடவைக்கு நான்கு சேனல், ஆக மூன்று தொகுதி. அச்சின் மேல் பாலித்தீன் விரித்து, அதன் மேல் வலையும் சாந்தும்.

சாந்து 1:2, அளவுப்பெட்டியால் அளந்தது. ஒரு சேனலுக்கு ஈரச் சாந்து ஏறக்குறைய 0.1 கனமீட்டர் பிடிக்கும். அதற்கு சிமென்ட் ஒன்றேகால் மூட்டை. தண்ணீர், சிமென்ட் எடையில் 0.4 பங்கு என்று வரைபடத்தில் எழுதியிருந்தது. அதாவது ஒரு சேனலுக்கு 25 லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. இந்த அளவில் சாந்து உலர்ந்த மாதிரிதான் தெரியும். கையில் பிடித்து உருட்டினால் உருண்டை நிற்கும், உள்ளங்கையில் ஈரம் பளபளக்கும், ஆனால் ஒழுகாது. கரணையால் அழுத்தித் தட்டினால் மேலே சாறு வரும்.

முதல் தொகுதியில் மேற்பார்வைப் பொறியாளர் கூடவே நின்றார். சாந்து அப்படியே வந்தது. இரண்டாவது, மூன்றாவது தொகுதியில் அவர் இல்லை. எம் சாண்ட் வேறு குவாரியிலிருந்து வந்தது. அதில் தூசு அதிகம், 2.36 மி.மீ. சல்லடையில் சலிக்கவும் இல்லை. தூசு தண்ணீரைக் குடிக்கும். சாந்து கரணைக்கு வளையவில்லை என்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். பிறகு விசாரித்தபோது சேனலுக்கு 33, 34 லிட்டர் போயிருக்கும் என்று தெரிந்தது.

அந்த எட்டு லிட்டர் இரண்டு வேலை செய்தது. முதலாவது, இளகின சாந்து வில்லின் சரிவில் நிற்காமல் கீழே வழிந்தது. முகட்டில் தடிமன் 18 மி.மீ. ஆகக் குறைந்து, அடி விளிம்பில் 35-க்கு மேல் போனது. வெளிப் பார்வைக்கு இது தெரியாது. கரணை மேலே வழுவழுப்பாகத் தேய்த்துவிடும். இரண்டாவது, வலை அடியில் படிந்தது. ஆட்கள் முதலில் வலையை விரித்துவிட்டு மேலிருந்து சாந்தைத் தள்ளியிருந்தார்கள். முறை அதுவல்ல. முதலில் அச்சின் மேல் 7, 8 மி.மீ. சாந்து, அது இறுகுமுன் முதல் வலை, அதன் மேல் மறுபடி சாந்து, பிறகு இரண்டாம் வலை, கடைசிப் பூச்சு. ஒவ்வொரு வலையையும் 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, கட்டுக்கம்பியால் கட்ட வேண்டும். வலைக்கு இரு பக்கமும் குறைந்தது 4, 5 மி.மீ. சாந்து இருந்தால்தான் துரு அண்டாது. இளகின சாந்தில் வலை அடிக்கு அமுங்கி, சில இடங்களில் பாலித்தீனையே தொட்டுக்கொண்டு கிடந்தது.

கியூரிங்கில் விழுந்த இடைவெளி

வார்த்த சேனலை இரண்டு இரவு அச்சிலேயே விட்டு, மூன்றாம் நாள் தூக்கி, 14 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்பது திட்டம். வீட்டு போர்வெல் தண்ணீர் உப்பு. ஏற்கெனவே மெல்லிய வலை இருக்கும் தகட்டுக்கு உப்புத் தண்ணீர் கூடாது என்று அதைத் தவிர்த்து லாரித் தண்ணீர் வாங்கினார்கள். இந்த முடிவு சரியானது. ஆனால் அதற்குப் பிறகு கியூரிங் முழுக்க லாரியை நம்பி நின்றது.

மூன்றாம் தொகுதி வார்த்த மறுநாள் லாரி வரவில்லை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. சாக்கு போர்த்தியிருந்தார்கள், ஆனால் வெறும் சாக்கு. மேலே தார்ப்பாய் இல்லை. சித்திரை வெயிலும் மதியக் காற்றும் சேர்ந்தால் நனைத்த சாக்கு இரண்டு மணி நேரத்தில் மொரமொரப்பாகிவிடும். தடித்த தளம் என்றால் மேல்பக்கம் காய்ந்தாலும் உள்ளே ஈரம் மிஞ்சும். 25 மி.மீ. தகட்டில் உள் என்று ஒன்றே கிடையாது. முழுத் தடிமனும் சேர்ந்து காயும். சிமென்ட் கடினமாவதற்குத் தேவையான தண்ணீர் ஆவியாகிப் போனால் பின்னால் எத்தனை நாள் நனைத்தாலும் முதல் நாளில் இழந்ததைத் திருப்ப முடியாது.

திங்கட்கிழமை அச்சிலிருந்து எடுத்தபோது அந்த நான்கு சேனலின் முகட்டிலும் வலைக் கண் வடிவத்தில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. "மேல்பூச்சு கோடுதான், சிமென்ட் பால் அடிச்சா மறைஞ்சிடும்" என்றார் மேஸ்திரி. அடித்தார்கள். மறைந்தது.

முதல் தொகுதியில் ஒரு சேனலைப் பாரம் வைத்துச் சோதித்திருந்தார்கள். இரு முனையையும் செங்கல் மேடையில் தாங்கி, சதுர மீட்டருக்கு 150 கிலோ வருமாறு 25 கிலோ மணல் மூட்டை 18 அடுக்கி ஒரு நாள் விட்டார்கள். நடுவில் 3 மி.மீ. வளைந்தது, எடுத்ததும் நிமிர்ந்தது. இந்தச் சோதனையின் நம்பிக்கையை மற்ற இரண்டு தொகுதிக்கும் நீட்டியது தவறு. நன்றாகச் செய்த சேனல் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அந்தச் சோதனை சொன்னது.

ஏற்றுவதும் பள்ளம் நிரப்புவதும்

சேனலை எட்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். முனையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. தள்ளி இரண்டு இடத்தில் கயிறு போட்டதால் இதில் சேதம் இல்லை. நடுவில் மட்டும் பிடித்துத் தூக்கினால் இரு முனையும் தொங்கி, முகட்டில் இழுவிசை வரும். அங்கே கம்பி கிடையாது, வலை மட்டும்தான். குறுக்கே விரிசல் விழும். கயிறு கட்டும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்தது ஒரு நல்ல பழக்கம்.

பள்ளம் நிரப்பியது ஜூன் மாத மதியம் ஒன்றில், 11 பள்ளமும் ஒரே நாளில். இரண்டு சேனலின் அடி விளிம்புக்கு நடுவே ஒரு செ.மீ. இடைவெளி இருக்கும். அதன் வழியே சாறு கீழே ஒழுகாமல் இருக்கக் கிழிந்த சிமென்ட் சாக்கைச் சுருட்டிச் செருகினார்கள். சேனல் முதுகில் படிந்திருந்த தூசைக் கழுவவில்லை. முதல்நாளே நனைக்கவும் இல்லை. சுட்டுக்கிடந்த சேனல் முதுகு புதுக் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது.

பள்ளத்தின் மேல்பாதிக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட வேண்டும். அதற்கு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர் கேட்ட கூலியும் அதிகம். அதனால் கட்டட இடிபாடு, உடைந்த செங்கல், மணல் எல்லாம் கொட்டி மட்டப்படுத்தி, மேலே 1:4 சிமென்ட் சாந்து இரண்டு மூன்று செ.மீ. பூசி வாட்டம் பிடித்தார்கள். ஓடு பதிப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

முதல் மழைக்காலம்: கண்டவை

ஐப்பசியில் இரண்டாவது நல்ல மழைக்கே உள்ளே சொட்டியது. கார்த்திகைக்குள் கூரையின் அடியில் கோடு கோடாக ஈரம். மழை விட்ட பிறகும் மூன்று நாள் சொட்டு நிற்கவில்லை. மூன்று சேனலின் அடிப்பக்கத்தில் அறுகோணக் கண் வடிவத்தில் பழுப்புக் கறை தெரிந்தது. கோழிவலையை நகலெடுத்து ஒட்டின மாதிரி இருந்தது.

பொறியாளர் முதலில் மாடிக்கு ஏறி அளவு நாடாவை விரித்தார். மேல் பூச்சில் நீளவாக்கில் விரிசல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 83 செ.மீ., 82, 84, மறுபடி 83. பூச்சு வெயிலில் தன்போக்கில் வெடித்திருந்தால் இப்படிக் கணக்கு வைத்து வெடிக்காது. ஒவ்வொரு விரிசலும் ஒரு பள்ளத்தின் நேர்மேலே இருந்தது. பள்ளத்து இடிபாடு அமுங்கி, முகடு மட்டும் உறுதியாக நின்றதால் பூச்சு அந்தக் கோட்டில் ஒடிந்திருக்கிறது. மழை நின்றபின் நீடித்த சொட்டுக்கும் இங்கேயே விடை இருந்தது. பள்ளத்தில் கிடந்த இடிபாடு ஊறிய பஞ்சாகத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விட்டது.

அடுத்ததாகத் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். மாடியில் களிமண் வரப்பு போட்டுப் பள்ளத்துக்கு ஒரு பாத்தி பிரித்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு பாத்தியில் மட்டும் 5 செ.மீ. தண்ணீர், அதில் துணி நீலம் சிறிது. கீழே ஒருவர் கடிகாரத்தோடு நின்றார். எது ஒழுகுகிறது என்பதைவிட எவ்வளவு நேரத்தில் ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி.

ஏழு பள்ளத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நீலச் சொட்டு விழுந்தது. மூன்றாவது பள்ளத்தில் இருபதே நிமிடம். இரண்டு பள்ளத்தில் சாயங்காலத்துக்குள் ஈரக்கோடு மட்டும். இரண்டு பள்ளம் வறண்டே இருந்தது. இது தவிர, மூன்றாம் தொகுதியைச் சேர்ந்த இரண்டு சேனலின் உடலில், முகட்டுக்குக் கீழே, மறுநாள் காலையில் கையகல ஈரத்திட்டு தெரிந்தது. சொட்டு இல்லை.

நிமிடக் கணக்கில் சொட்டுவது திறந்த வழி, அதாவது சந்து. ஒரு இரவு கழித்துத் திட்டாகக் கசிவது நுண்துளையும் மயிரிழை விரிசலும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் மருந்து வேறு. கீழே நின்ற மேஸ்திரியே சொன்னார்: "சார், சேனல் ஒழுகல, சந்துதான் ஒழுகுது."

தீர்மானமும் காரணமும்

மூன்று யோசனை வந்தது. மேலே தகரக் கொட்டகை போடலாம் என்றது ஒன்று. மாடி முழுக்கத் தார்ச்சுருள் ஒட்டிவிடலாம் என்றது இன்னொன்று. மூன்றாவது, மேல் பூச்சையும் இடிபாட்டையும் எடுத்துப் பள்ளத்தைத் திறந்து சரிசெய்வது.

தார்ச்சுருள் மலிவு, இரண்டு நாள் வேலை. ஆனால் பள்ளத்து இடிபாட்டில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. மேலே மூடிவிட்டால் அது கீழ்நோக்கி மட்டுமே போக முடியும். அமுங்கும் நிரப்பின் மேல் ஒட்டிய எதுவும் அதே 83 செ.மீ. கோட்டில் மறுபடி கிழியும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பள்ளக் கான்கிரீட் வெறும் நிரப்பு அல்ல. உள்ளே இருக்கும் 10 எம்எம் கம்பி கூரைப் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும். கான்கிரீட் சேனல் முதுகை விட்டுப் பிரிந்திருந்தால் அந்தக் கம்பி சேனலுக்கு உதவாது. பிரிந்திருக்கிறதா என்று திறக்காமல் தெரியாது. அதனால் மூன்றாவது யோசனையை எடுத்தார்கள்.

திறக்குமுன் பாரத்தைக் கணக்கிட்டார்கள். சேனல் 75, பள்ளம் முழுக்க ஜல்லி சுண்ணாம்பு 115, முகட்டுக்கு மேல் வாட்டத்துக்குச் சராசரி ஆறரை செ.மீ. என்றால் 105, ஓடும் சாந்தும் 40. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 335 கிலோ. மேலே நடமாட்டம் தனி. இலேசான கூரை என்று ஆரம்பித்தது வெறும் கான்கிரீட் தளத்தைவிடக் கனமாகிவிடும் இடம் இதுதான். பள்ளத்தை முழுக்கக் கான்கிரீட்டால் நிரப்பினால் இன்னும் மோசம், பள்ளம் மட்டுமே 170 கிலோவுக்கு மேல் ஏறும். பள்ளக் கம்பி வேலை செய்தால் 335 தாங்கும், செய்யாவிட்டால் சேனலின் இரண்டு 8 எம்எம் கம்பிக்கு அது அதிகம் என்று கணக்கு வந்தது. முகட்டுக்கு மேலான கனத்தைக் குறைக்க, வாட்டத்தை 60-க்கு 1 என்பதிலிருந்து 80-க்கு 1 ஆக இறக்கி, மழைநீர்க் குழாயை இரண்டிலிருந்து நான்காக்கினார்கள்.

சீரமைப்பு: தை மாதம்

பூச்சை உளியால் எடுத்து, இடிபாட்டைக் கூடையில் இறக்கினார்கள். சேனல் முதுகில் சம்மட்டி படக்கூடாது என்பது கண்டிப்பு. பள்ளக் கான்கிரீட் தெரிந்ததும் ஒரு ஆக்ஸா பிளேடை எடுத்துச் சேனலுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே செருகிப் பார்த்தார்கள். ஒழுகிய ஏழு பள்ளத்திலும் பிளேடு இறங்கியது. மூன்றாவது பள்ளத்தில் நான்கு செ.மீ. போனது. அதன் அடியில் சிமென்ட் சாக்குச் சுருளைச் சுற்றிக் கான்கிரீட் தேன்கூடாக இருந்தது. இன்னொரு பள்ளமும் அதே நிலை.

இந்த இரண்டு பள்ளத்தை முழுதாக உடைத்தெடுத்தார்கள். அதற்கு முன் இருபக்கத்துச் சேனலுக்கும் நடுவில் கீழே முட்டுக் கொடுத்தார்கள். அடிச்சந்தில் சாக்குக்குப் பதிலாக சிமென்ட் பாலில் தோய்த்த சணல் கயிறு. சேனல் முதுகைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, முதல்நாள் மாலையே நனைத்துவிட்டார்கள். மறுநாள் காலை மேற்பரப்பில் நீர் தேங்காமல், ஆனால் ஈரம் கறுத்துத் தெரியும்போது சிமென்ட் பால் பூசி, அது காயுமுன் 10 எம்எம் கல் சிப்ஸ் போட்ட 1:1½:3 கான்கிரீட்டை இறக்கிக் கம்பியால் குத்தினார்கள்.

மற்ற ஐந்திலும் கான்கிரீட் கெட்டியாக இருந்தது, ஒட்டு மட்டும் விட்டிருந்தது. அங்கே இரு ஓரமும் 15 மி.மீ. அகலத்துக்குக் கீறி, ஊதி, கழுவி, நனைத்து, சுருங்காத கிரவுட்டை ஊற்றினார்கள். ஈரக்கோடு தெரிந்த இரண்டுக்கும் இதே சிகிச்சை. கிரவுட் பிளேடு போன ஆழம் முழுக்க இறங்கியதா என்பதை ஊற்றிய அளவை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. சில இடத்தில் ஓரடிக்கு அரை லிட்டர் குடித்தது, சில இடத்தில் நிரம்பி வழிந்தது.

கியூரிங் இந்தத் தடவை எளிது. பள்ளமே தொட்டி. இரு முனையிலும் களிமண் அடைத்து இரண்டு விரல் தண்ணீர் கட்டிப் பத்து நாள் விட்டார்கள். கியூரிங்கும் கசிவுச் சோதனையும் ஒன்றாக முடிந்தது. பத்தாம் நாள் ஒரு பள்ளத்திலும் கீழே ஈரமில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குக் கை வைத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும், கான்கிரீட்டும் சேனலும் சேரும் கோட்டை நடுவாக வைத்து 30 செ.மீ. அகலத்துக்கு அக்ரிலிக் கலந்த சிமென்ட் பூச்சு. முதல் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழைத் துணியைப் பதித்து, மறுநாள் குறுக்குவாட்டில் இரண்டாம் கை. மூன்றாம் தொகுதிச் சேனல் நான்குக்கும் முதுகு முழுக்க இதே பூச்சு. மயிரிழைக் கோடுகளை மறைத்திருந்த பழைய சிமென்ட் பாலை முதலில் சுரண்டி எடுத்தார்கள். அதன் மேல் பூசியிருந்தால் புதுப் பூச்சு பழைய பாலோடு சேர்ந்து உரிந்து வந்திருக்கும்.

மேலே ஜல்லி சுண்ணாம்பு. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் வழக்கமான அளவு, 32 பங்கு 20 எம்எம் செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. மரத்தட்டியால் மூன்று நாள் தட்டினார்கள். தட்டி திரும்பித் துள்ளி, ஜல்லி இறங்காமல் நின்றால் போதும். கடைசியாக அழுத்தச் சுட்ட ஓடுகளை நீர்த்தடுப்பு சேர்த்த 1:3 சாந்தில் பதித்து, சந்துகளை அடைத்தார்கள்.

கீழ்ப்பக்கத்துத் துருக் கறைக்கு முழு மருந்து இல்லை. கறை உள்ள மூன்று சேனலிலும் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது சில இடத்தில் வலை வெளியே தெரிந்தது, ஓரிரு கண்ணி கையோடு உதிர்ந்தது. அடியில் அதே அக்ரிலிக் சிமென்ட் பூச்சு இரண்டு கை கொடுத்து, கறையின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினார்கள். அடி விளிம்பின் 8 எம்எம் கம்பியை இரண்டு இடத்தில் திறந்து பார்த்தபோது துரு இல்லை. சாந்து வழிந்து விளிம்பு தடித்தது அங்கே நன்மையாகிப் போனது. விளிம்புக் கம்பியில் துரு இருந்திருந்தால் பூச்சு போதாது, அந்தச் சேனலையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

பிறகு நடந்தது

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் 11 பள்ளமும் வறண்டிருந்தன. மூன்றாம் தொகுதிச் சேனலிலும் திட்டு இல்லை. ஆனால் கடைசிச் சேனல் கைப்பிடிச் சுவரைத் தொடும் மூலையில் புதிதாக ஈரம் வந்தது. அங்கே பள்ளம் இல்லை, பாதிப் பள்ளம்தான். ஒருபக்கம் சேனல், மறுபக்கம் சுவர். எல்லாரும் சேனலுக்கு இடைப்பட்ட சந்துகளையே எண்ணிக்கொண்டிருந்ததில் இந்த ஓரச் சந்து கணக்கில் வரவில்லை. சோதனையில் 11 பாத்திதான் கட்டினார்கள், ஓரத்தில் இரண்டு பாத்தி கட்டியிருக்க வேண்டும். அந்த ஓரத்து ஓடுகளைப் பெயர்த்து, பூச்சைச் சுவரில் 15 செ.மீ. மேலேற்றி, மூலையில் வட்டக் காரை வைத்ததும் நின்றது. எதிர் ஓரத்துக்கும் ஒழுகக் காத்திருக்காமல் அதையே செய்தார்கள்.

துருக் கறையில் இரண்டு சேனல் பென்சில் கோட்டுக்குள் நின்றது. மூன்றாவதில் ஒரு இழை கோட்டைத் தாண்டி இரண்டு விரல் போயிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

இதே மேஸ்திரியும் பொறியாளரும் அதன் பிறகு போட்ட கூரையில் சில பழக்கங்கள் மாறின. மணல் லோடு மாறினால் ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரோடு கலக்கி ஒரு மணி நேரம் வைத்து, மேலே படியும் தூசின் தடிமனைப் பழைய லோடோடு ஒப்பிடுகிறார்கள். தண்ணீரைக் குடத்தில் ஊற்றுவதில்லை, 25 லிட்டர் கோடு போட்ட ஒரே வாளி. சாந்து வளையவில்லை என்றால் தண்ணீருக்குப் பதிலாகச் சாந்தை இளக வைக்கும் மருந்தைக் கலக்கிறார்கள். சாந்து இறுகுமுன் 25 மி.மீ. குறி போட்ட ஆணியை முகட்டில் மூன்று இடத்திலும் சரிவில் இரண்டு இடத்திலும் குத்திப் பார்க்கிறார்கள். முகட்டில் குறி வெளியே தெரிந்தால் அந்த இடம் மெலிவு, அப்போதே சாந்து ஏற்றலாம்.

தொகுதிக்கு ஒரு சேனல் என்று பாரச் சோதனையும் நடக்கிறது, அதுவும் பார்வைக்கு மோசமாக இருப்பதையே எடுத்து.

லாரித் தண்ணீர் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, ஊர் மாறவில்லை. நனைத்த சாக்கின் மேல் தார்ப்பாய் போர்த்தி ஓரங்களில் மண் ஏற்றிவிட்டால், காலையில் நனைத்தது மறுநாள் காலை வரை ஈரமாக இருக்கிறது. மூன்று வேளை ஊற்ற வேண்டியிருந்தது, இப்போது ஒரு வேளை ஊற்றினால் போதும். வார்ப்பு தொடங்கும் காலையில் இரண்டு நாள் கியூரிங்குக்கான தண்ணீர் பீப்பாயில் நிரம்பியிருந்தால்தான் முதல் மூட்டை சிமென்டைப் பிரிக்கிறார்கள்.

அந்த வீட்டில் துருக் கறை கோட்டைத் தாண்டிய சேனலில், ஒவ்வொரு தை மாதமும் பழைய பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோடும் தேதியும் போடுகிறார்கள்.